தொண்ணூற்றிரண்டு சதவீதம்

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் இளைஞர் நற்பணி மன்றக் கூட்டம் என்றால், தலைவர் பேச்சை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பொருளாளர் எழுந்ததும்தான் திண்ணையில் இருப்பவர்கள்கூடக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். போட்டது நம் காசு அல்லவா!

இப்போதெல்லாம் பொருளாளர்கள் படித்த பிள்ளைகள். எடுத்த எடுப்பிலேயே "இலக்கில் 92 சதவீதம் வசூலாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். உடனே கைதட்டல். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் எனக்கு ஒரு மனக்குறை. சதவீதம் என்பது ஒரு தொகையை இன்னொரு தொகையால் வகுத்து வருவது. மேலே எதை வைத்தார்கள், கீழே எதை வைத்தார்கள் என்று தெரியாமல் கை தட்டக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே போட்டவை. எந்த ஊரையும் குறிப்பிடவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பகக் கட்டடம் ஒழுகுகிறது. சரிசெய்ய மதிப்பீடு 3 லட்சம். நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம் என்று மன்றம் முடிவு செய்கிறது. இந்தத் திட்டம் 1997-98இல் வந்தது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் மறுபடியும் பழைய பெயருக்கே வந்துவிட்டது. பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால், மீதியை அரசு போடும். ஆக மன்றத்தின் இலக்கு ஒரு லட்சம்.

பொருளாளர் சொன்ன 92 சதவீதம், அதாவது 92,000 ரூபாய், எப்படி வந்தது? ரசீது போட்டு வாங்கியது 58,000. போன வருஷத்து மிச்சம் 6,000. "மரவள்ளி வெட்டி மில்லுக்குப் போட்டதும் தந்துடறேன்" என்று வாயால் சொன்னவர்கள் கணக்கில் 18,000. ஒருவர் இறக்கிவிட்ட இரண்டு லோடு ஜல்லிக்கு இவர்களே போட்ட மதிப்பு 10,000. கூட்டிப் பாருங்கள், 92,000 சரியாக வரும். பையன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டத்தில் இருந்தவர் மனசில் பதிந்தது "பணம் வந்துவிட்டது" என்பதுதான்.

இதில் செலவு இன்னும் கழியவில்லை. ரசீது புத்தகமும் நோட்டீசும் அச்சடிக்க 1,200; வெள்ளிமலைப் பக்கம் போய் வசூலிக்க வேன் வாடகை 2,800; போனவர்களுக்கு டீ, சாப்பாடு 2,500; இதர செலவு 1,500. மொத்தம் 8,000. வசூலித்த 58,000ஓடு பழைய மிச்சம் 6,000ஐச் சேர்த்து, 8,000ஐக் கழித்தால் கையில் நிற்பது 56,000.

அதாவது இலக்கில் 56 சதவீதம்.

92க்கும் 56க்கும் உள்ள தூரம் வெறும் கணக்குப் பிழையாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். மக்கள் பங்கைக் கட்டினால்தான் கோப்பு நகரும். ஜல்லிக் குவியலையும் "தந்துடறேன்" என்ற வார்த்தையையும் வங்கியில் கட்ட முடியாது. இன்னும் 8,000தானே என்று ஊர் அசந்துவிடும்; ரசீது புத்தகம் பீரோவுக்குள் போய்விடும். உண்மையில் தேவை 44,000. சொன்னவர்கள் எல்லாரும் சொன்னபடி கொடுத்தாலும் 26,000 துண்டு விழும். அதற்குள் அந்த நிதியாண்டு முடிந்துவிட்டால் படிப்பகம் அடுத்த மழையிலும் ஒழுகும்.

வாக்குறுதியைச் சொல்லவே கூடாது என்பதல்ல. நம் பக்கத்தில் வெள்ளாமை வந்தால்தான் கையில் காசு. மரவள்ளி பிடுங்காத மாதத்தில் போய் நின்றால் நல்ல மனுஷன்கூட வாயால்தான் தர முடியும். அதைத் தனியாகச் சொல்லட்டும்: "வர வேண்டியது 18,000, இத்தனை பேரிடமிருந்து, இந்த மாதத்துக்குள்." ஜல்லியையும் அப்படித்தான், இரண்டு லோடு என்று அளவாகச் சொன்னால் போதும், ரூபாயாக மாற்ற வேண்டாம். மாற்றினால் லோடு என்ன விலை என்று ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும், கூட்டம் அதோடு முடிந்துவிடும்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். 58,000 வசூலிக்க 8,000 செலவு என்றால், நூறு ரூபாய் வாங்க ஏறக்குறைய 14 ரூபாய் போயிருக்கிறது. இந்த எண்ணைத்தான் எந்தப் பொருளாளரும் சொல்வதில்லை. வேனில் மலைக்குப் போனது தவறென்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் எவ்வளவு கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே சொன்னால், அடுத்த முறை வேனா பஸ்ஸா என்று ஊரே முடிவு செய்துவிடும். "இதர" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1,500 ரூபாய்க்குப் பெயர் வைக்க முடியவில்லை என்றால் அது யார் சட்டைப்பையிலிருந்து யாருக்குப் போனது? வவுச்சரில் வாங்கியவர் கையெழுத்து இருந்தால் பெயர் தானாக வந்துவிடும்.

வரவு சரியா என்று பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. அச்சடித்த ரசீது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, கிழித்தது எத்தனை, ரத்தானது எத்தனை, எழுதாமல் இருப்பது எத்தனை என்று முதலில் கேட்க வேண்டும். அடிக்கட்டைகளின் கூட்டுத்தொகையும் ரொக்கப் புத்தகத்தின் வரவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு பாஸ்புக் இருப்பும் கை ரொக்கமும் சேர்ந்து, செலவு போன மிச்சத்துக்குச் சமமாக வர வேண்டும். இங்கேதான் ஜிபே இப்போது குட்டையைக் குழப்புகிறது. பொருளாளரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வரும். அதற்கு ரசீது கிழிக்க மறந்துபோகும். அதே கணக்கிலிருந்து அவர் பெட்ரோலும் போடுவார். மன்றத்தின் பெயரில், இருவர் கையெழுத்தில், ஒரு கணக்கு இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

அடிக்கட்டைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. வ.உ.சி. சிறையிலிருந்து வந்து சென்னையில் வறுமையில் இருந்தபோது, தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 1915இல் வ.உ.சி. அதைப் பற்றி எழுதிக் கேட்கிறார். யார் கொடுத்தது, எவ்வளவு என்பது காந்திக்குச் சட்டென்று நினைவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் போகிறது. கடைசியில் 347 ரூபாய் 12 அணா 1916இல்தான் வ.உ.சி.க்குக் கிடைத்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி இதை ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். கணக்கில் அவ்வளவு கறாரான காந்தியிடமே இப்படி நடந்திருக்கும்போது, நம் ஊர்ப் பையனின் ஞாபக சக்தியை நம்பி எப்படி விடுவது?

பதிவு பெற்ற மன்றமாக இருந்தால், 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அங்கே போகும் தாளில் "வாயால் சொன்னது 18,000" என்று வரவில் எழுத முடியாது. மேடையில் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

எனக்குப் பிடித்த பொருளாளர் பேச்சு இப்படித்தான் இருக்கும்: "இலக்கு ஒரு லட்சம். ரசீது போட்டு வந்தது 58,000. பழைய இருப்பு 6,000. செலவு 8,000, வவுச்சர் இதோ மேசை மேல். கையிருப்பு 56,000, பாஸ்புக்கும் இதோ. இலக்கில் 56 சதவீதம் நிற்கிறது. வர வேண்டியது 18,000. அதுவும் வந்தாலும் 26,000 போதாது. அதற்கு என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்." இரண்டு நிமிஷம்தான் ஆகும். கைதட்டல் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பின்வரிசையிலிருந்து யாராவது ஒரு பெரியவர், "தம்பி, என் பேருல இன்னொரு ஐநூறு எழுதிக்கோ" என்பார். அவரிடமும் முதலில் பணத்தை வாங்கிவிட்டு ரசீதைக் கிழிக்கச் சொல்லுங்கள்.