தமாகோயாகியைச் சிறுதீயில் கொல்லாதீர்கள்!

"தீயைக் குறைச்சு வெச்சுக்கங்க. பொறுமைதான் முக்கியம்." தமாகோயாகி பற்றி யார் சொல்லிக் கொடுத்தாலும் இந்த இரண்டு வரி வந்துவிடுகிறது. கூடவே மூன்றாவதாக ஒரு உபதேசம்: "நமக்கு முட்டையில இனிப்பு ஒத்துக்காது, சர்க்கரையை விட்டுடுங்க." இந்த அறிவுரைகள்தான் அந்தப் பண்டத்தைக் கெடுக்கின்றன என்பது என் கட்சி. அடிக்க வருபவர்கள் பதிவை முழுக்கப் படித்துவிட்டு வரவும் :-)

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜப்பானிய மொழியில் தமாகோ என்றால் முட்டை, யாகி என்றால் சுட்டது. அடித்த முட்டையில் கொஞ்சம் சர்க்கரை, சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பான அரிசி மது எல்லாம் கலந்து, செவ்வகச் சட்டியில் மெல்லிய ஏடாக ஊற்றிச் சுருட்டுவார்கள். அதன் மேல் அடுத்த ஏடு, அதையும் சேர்த்துச் சுருட்டல். கடைசியில் செங்கல் மாதிரி ஒரு கட்டி வரும். அதைத் துண்டு போட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவான பெந்தோவில் வைப்பார்கள்.

முதலில் தீ விஷயம். நானும் அந்த உபதேசத்தை நம்பி ஏமாந்தவன்தான். முதல் முறை செய்தபோது கேஸை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். ஒரு ஏடு வேக இரண்டு நிமிடம் ஆயிற்று. நிறம் பிரமாதம், கருகல் துளிகூட இல்லை. வெட்டினால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், சுருட்டி வைத்த பாய் மாதிரி பிரிந்து வந்தன. வாயில் போட்டால் ரப்பர்.

காரணம் எளிது. ஏடுகளை ஒட்ட வைக்கும் பசை, வேகாத முட்டைதான். ஏட்டின் அடிப்பக்கம் இறுகி, மேல்பக்கம் இன்னும் ஈரமாகப் பளபளவென்று இருக்கும்போது சுருட்ட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட அந்த ஈரம் சூட்டில் மெல்ல இறுகி, இரண்டு ஏட்டையும் ஒன்றாக்கிவிடும். சிறுதீயில் இந்த நிலை வருவதே இல்லை. அடி இறுகுவதற்குள் மேலும் காய்ந்துவிடுகிறது, முட்டையில் உள்ள தண்ணீரும் ஆவியாகப் போய்விடுகிறது. காய்ந்த ஏட்டைச் சுருட்டுவதும் காகிதத்தைச் சுருட்டுவதும் ஒன்றுதான்.

"அப்போ கருகிடாதா?" கருகும்தான். சர்க்கரை இருக்கிறதே. ஆனால் அதற்குத் தீர்வு தீயைக் குறைப்பது அல்ல, சட்டியைத் தூக்குவது. பழகிய ஜப்பானியச் சமையல்காரர்களின் இடது கையைக் கவனியுங்கள். அடுப்பின் குமிழை அது தொடாது. தீ மிதமாக ஒரே நிலையில் எரிந்துகொண்டிருக்கும். சூடு ஏறினால் சட்டி நெருப்பிலிருந்து நாலு விரல் மேலே போகும், பிறகு இறங்கும். குமிழைத் திருகினால் கனமான சட்டி ஆற நேரம் பிடிக்கும். தூக்கினால் பலன் உடனே.

இரண்டாவது முறை இப்படிச் செய்தேன். முட்டை மூன்று, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, மிரின் ஒரு தேக்கரண்டி, சோயா சாஸ் அரை தேக்கரண்டி. இவற்றோடு இரண்டு மேஜைக்கரண்டி தாஷி, அதாவது கொம்பு என்ற கடல்பாசியும் காய்ந்த மீன் சீவலும் போட்டு இறக்கிய தெளிந்த சாறு. சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தின் அடியில் பதித்து, வெள்ளைக்கருவை வெட்டுவது போல இட வலமாக ஆட்டினேன். நுரைக்க அடிக்கக் கூடாது, நுரை பின்னால் ஓட்டையாகும். பிறகு வடிகட்டினேன்.

சட்டி காய்ந்ததா என்று பார்க்க, சாப்ஸ்டிக் நுனியால் ஒரு சொட்டு முட்டையை வைத்தேன். "சுர்" என்று உடனே இறுக வேண்டும். சத்தம் வராவிட்டால் காத்திருங்கள், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயில் நனைத்த காகிதத்தால் மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, கலவையில் கால் பங்கை ஊற்றிப் பரப்பினேன். எழும்பிய குமிழ்களைக் குத்தினேன். அரை நிமிடத்துக்குள் அடி இறுகியது. மேல் ஈரமாக இருக்கும்போதே தூரத்து விளிம்பிலிருந்து என் பக்கம் சுருட்டினேன். முதல் சுருள் கோணல் மாணலாக வந்தது. கவலையில்லை, அது நடுவில் ஒளிந்துகொள்ளும். சுருளை அந்தப் பக்கம் தள்ளி, மறுபடி எண்ணெய் தடவி, அடுத்த பங்கை ஊற்றினேன்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுருளை லேசாகத் தூக்கி, புது முட்டை அதன் அடியிலும் ஓடும்படி சட்டியைச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது ஏடு பழைய சுருளைப் பிடிக்காது. நான்கு முறை முடிந்ததும் சூட்டோடு மூங்கில் பாயில் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தேன். வெட்டினால் ஏடுகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை.

அடுத்து சர்க்கரை. அது வெறும் ருசிக்கு என்று நினைப்பதுதான் தப்பு. சர்க்கரை சேர்ந்தால் முட்டையின் புரதம் கொஞ்சம் அதிகச் சூட்டில்தான் இறுகும். தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பெந்தோவில் ஆறிப்போன பிறகும் அது மெத்தென்று இருப்பது இதனால்தான். சர்க்கரையை எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே செய்தால் கட்டை மாதிரி வரும். பிறகு "ஜப்பான்காரனுக்கு ருசி தெரியல" என்று ஜல்லி அடிப்பது!

ஜப்பானிலேயே இனிப்பில்லாமல் செய்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். தோக்கியோ பக்கத்துக் கான்தோ வட்டாரத்தில் இனிப்பு தூக்கல், லேசாகச் சிவக்கவும் விடுவார்கள். கியோத்தோ, ஒசாகா உள்ள கான்சாய் பக்கம் தாஷிமாகி, அதில் இனிப்பு பெயருக்குத்தான், பலர் போடுவதே இல்லை. ஆனால் அங்கே சர்க்கரையின் இடத்தைத் தாஷி பிடிக்கிறது. மூன்று முட்டைக்கு மூன்று நான்கு மேஜைக்கரண்டி சாறு. மென்மைக்கு ஒரு வழி இங்கே, இன்னொரு வழி அங்கே. இரண்டையும் விட்டுவிட்டு மென்மையை மட்டும் கேட்டால் எப்படி? தாஷி கூடினால் தட்டில் நீர் கசியும், சுருட்டும்போது கிழியும். பழகாத கைக்குச் சர்க்கரை வழியே மேல்.

இன்னொரு கதையும் உலவுகிறது. 2011-இல் வந்த 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' ஆவணப்படத்தில், நகஸாவா என்ற சீடர் செய்த முட்டை இருநூறு தடவைக்கு மேல் நிராகரிக்கப்பட்டதைக் காட்டி, "பாத்தீங்களா, தமாகோயாகி மகா கஷ்டம்" என்கிறார்கள். ஐயா, அது சுருட்டிய முட்டையே அல்ல! இறாலையும் ஒரு வகைக் கிழங்கையும் அரைத்துச் சேர்த்து, கேக் மாதிரி ஒரே பாளமாக வேக வைப்பது. அதன் கஷ்டத்தை இதன் தலையில் கட்ட வேண்டாம். இதைப் பெந்தோவுக்காகக் காலையில் அவசரமாகச் செய்கிறார்கள், பத்து நிமிட வேலை. மிதமான தீயில் செய்தால்தான் அந்தப் பத்து நிமிடமும் சாத்தியம்.

செவ்வகச் சட்டி வேண்டுமா என்றால், வேண்டும். வட்டச் சட்டியில் ஏட்டின் இரு ஓரமும் குறுகும், சுருளின் நுனிகள் மெலிந்து காய்ந்துபோகும். செவ்வகத்தில் எல்லா இடமும் ஒரே அகலம். நேரான சுவரில் அழுத்தினால் வடிவமும் வந்துவிடும். ஆனால் நல்ல சட்டி வாங்கிச் சிறுதீயில் செய்வதைவிட, வட்டச் சட்டியில் மிதமான தீயில் செய்து நுனிகளை வெட்டித் தின்பது மேல்.

டிஸ்கி: தண்ணீராக வழிய வேண்டாம், பளபளப்பு போதும். பெந்தோவுக்கு என்றால் கடைசி ஏடு சுருட்டியதும் நாலு பக்கமும் திருப்பிப் போட்டு, நடுவரை நன்றாக வேக விடுங்கள். மத்தியானம் வரை டப்பாவில் இருக்கும் பண்டம்.