படத்தில் இல்லாத ஒன்றை எழுதுங்கள்

"ஆசிரியர் தின நிகழ்வு மிகச் சிறப்பாக நடைபெற்றபோது..."

இந்தக் கெப்ஷனை நீங்களும் போட்டிருப்பீர்கள், நானும் போட்டிருக்கிறேன். படத்தை மாற்றி விளையாட்டுப் போட்டியை வைத்தாலும் அந்த வரி அப்படியே பொருந்தும். ஒரு கெப்ஷன் செத்துவிட்டதா என்று பார்க்க நான் செய்வது இதுதான். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வேறு பத்துப் படங்களுக்குக் கீழே அந்த வரியைக் கற்பனையில் வைத்துப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் பொருந்தினால் அது எந்தப் படத்துக்கும் உரியதல்ல.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. "வர்ணித்து எழுது" என்று நாங்கள் சொன்னால் பிள்ளை உடனே "அழகிய, ரம்மியமான, பாரம்பரியமிக்க" என்று அடைமொழிகளை அடுக்குகிறது. நாங்களும் புள்ளி போடுகிறோம். ஆனால் அழகைத்தான் படமே காட்டுகிறதே. படத்தால் தர முடியாதவை மூன்று: மணம், சத்தம், தொட்டால் தெரிவது. அதில் ஒன்றைக் கெப்ஷன் கொடுத்தால் போதும்.

எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்குத் தரம் 10 பிள்ளைகள் வீட்டில் படம் எடுத்துக் கெப்ஷன் எழுதி வந்தார்கள். ஒரு மாணவி தன் உம்மும்மா வாசலில் இருந்து பன்பாய் பின்னுவதை எடுத்திருந்தாள். கீழே, "பாரம்பரியக் கைத்தொழிலில் ஈடுபட்டிருக்கும் எனது அன்புப் பாட்டி". வீட்டில் உம்மும்மா, காகிதத்தில் பாட்டி! அதை முதலில் மாற்றச் சொன்னேன். பிறகு, "படம் எடுக்கேக்க என்ன மணத்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் மணக்கல்ல சேர்."

அடுத்த நாள் திருத்திக்கொண்டு வந்தாள்: "பன்னின் நறுமணம் காற்றில் மிதந்து வர..." எனக்குச் சிரிப்பு வந்தது. நறுமணம் என்பது புத்தகத்திலிருந்து வந்த மணம். எதன் மணம், எப்போது வந்தது என்று சொல்லாதவரை அது இன்னொரு அடைமொழிதான். "உம்மும்மாக்குப் பக்கத்துல பத்து நிமிசம் இருந்துட்டு வா" என்று அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வந்து மூச்சுவிடாமல் சொன்னாள். காய்ந்த பன்னை அப்படியே பின்னினால் முறியுமாம். அதனால் உம்மும்மா தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தான் எடுக்கிறார். அப்போது வெயிலில் காய்ந்து போயிருந்த குளத்து மணம் திரும்பி வருகிறதாம். இன்னொன்றும் சொன்னாள்: பின்னிப் பின்னி உம்மும்மாவின் விரல் நுனி வழுவழுப்பாகிவிட்டதால் போன் அவருடைய கைரேகையைப் பிடிப்பதில்லை.

இரண்டையும் எழுத அவளுக்கு ஆசை. நான் விடவில்லை. இரண்டு விபரம் சேர்ந்தால் ஒன்று மற்றதை அமத்திவிடும். நோன்புக் கஞ்சி வரிசைப் படத்துக்குக் கீழே "கஞ்சி மணக்க, பாங்கொலி கேட்க, கடற்காற்று வருட" என்று எழுதினால் எதுவும் மனதில் நிற்காது. "அகப்பை பானையின் அடியை உரசும் சத்தம் கேட்டதும் பின்வரிசை முன்னுக்கு நெருங்கியது" என்று மட்டும் எழுதிப் பாருங்கள். கஞ்சி முடியப்போகிறது என்பது தானாகத் தெரிகிறது.

கைரேகை விபரம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் தெரிவது வாசலும், வெயிலும், ஈரப் பன் கட்டும்தான். விரல்கள் பாய்க்குக் கீழே மறைந்திருந்தன. கைகளை மட்டும் கிட்ட எடுத்த படமாக இருந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். கடைசியில் இப்படி எழுதினாள்:

"உம்மும்மா பன்பாய் பின்னுகிறார். தண்ணீர் தெளித்ததும் காய்ந்த பன்னில் குளத்து மணம் திரும்பி வந்தது."

யார், என்ன என்பது முதல் வாக்கியத்தில் முடிந்துவிட வேண்டும். மணம் அதற்குப் பிறகுதான். சில படங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். மௌத் அறிவித்தலுக்குப் பெயரும் ஊரும் நல்லடக்க நேரமும் போதும். அதில் சந்தனமும் அத்தரும் மணக்க வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் இல்லாத இடத்தின் மணத்தையும் எழுதாதீர்கள். அங்கே இருந்தவரிடம் கேளுங்கள்.

கண்காட்சிக்கு முதல் நாள் பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்துவிட்டார். "சேர், குளத்து மணம் எண்டா சனம் நாத்தம் எண்டு நினைக்கும். முந்தி எழுதினதே நல்லம்." அவருடைய பயம் நியாயமானது. ஊரில் ஒரு சொல் எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. "உம்மும்மா விருப்பமில்லை எண்டா எடுத்துடுவம்" என்றேன். அன்றிரவு அவருக்கு வாசித்துக் காட்டினார்களாம்.

மாணவி காலையில் பேனையோடு வந்தாள். மணத்தைப் பற்றி உம்மும்மா ஒன்றும் சொல்லவில்லையாம். "அது குளத்துப் பன் இல்ல புள்ள, வாய்க்கால் பன்" என்று மட்டும் திருத்தினாராம். "குளத்து" என்பதை வெட்டிவிட்டு மேலே "வாய்க்கால்" என்று எழுதினாள். வெட்டு விழுந்த அந்த மட்டையையே கொழுவினோம்.