நீலத் தண்ணீருக்கு நாம் கொடுக்கும் விலை

தேக்காவில் உள்ள என் பாட்டியின் வீவக வீட்டில் கழிப்பறைத் தண்ணீர் எப்போதும் நீலமாக இருக்கும். ஃபிளஷ் தொட்டிக்குள் மாதம் ஒரு வில்லை போடுவார். அண்மையில் அந்தத் தொட்டி இரவு முழுவதும் ‘ஸ்ஸ்’ என்று ஒலி எழுப்பத் தொடங்கியது.

தொட்டிக்கு நீர் வரும் வால்வை மூடிவிட்டு, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். யாரும் ஃபிளஷ் செய்யவில்லை. ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. இறங்கியிருந்தது. தொட்டியின் உள்நீளம் 40 செ.மீ., அகலம் 15 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 3,000 கன செ.மீ., அதாவது 3 லிட்டர். ஒரு நாளில் 72 லிட்டர்! சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளுக்குப் பயன்படுத்தும் நீரில் இது ஏறக்குறையப் பாதி.

பிளம்பர் தொட்டியின் அடியில் இருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிக் காட்டினார். தொட்டதும் விரலில் கறுப்பு ஒட்டியது. வளைத்தால் வெடிப்புகள் தெரிந்தன.

காரணம் நீல நிறம் அல்ல, வில்லையில் இருந்த குளோரின். குளோரின் வெளியிடும் வில்லைகள் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்கும். அது கிருமியை மட்டுமல்ல, ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளையும் தாக்கும். இரவிலும் வெளியூர் செல்லும் நாள்களிலும் தொட்டி நீர் மாறாமல் நிற்பதால் அதன் செறிவு கூடிக்கொண்டே போகும். வளையம் முழு நேரமும் அதில் ஊறிக் கிடக்கிறது.

வெளியேறும் குழாய்களுக்குப் பெரிய கவலை இல்லை. பிளாஸ்டிக் குழாயை நீர்த்த குளோரின் எளிதில் அரிக்காது; அங்கே அது நொடிகளில் கடந்தும் விடுகிறது. கோப்பையின் விளிம்பில் தொங்கும் வாசனைக் கட்டியும் தொட்டியின் உறுப்புகளைத் தொடுவதில்லை. அதன் கூடு கழன்று விழுந்தால்தான் அடைப்பு வரும்.

ஆகவே, குளோரின் வில்லையைத் தொட்டிக்குள் போடவே கூடாது என்பது என் கருத்து. இன்னொரு காரணமும் உண்டு. குளோரின் கலந்த நீர் நிற்கும் கோப்பையில் அமிலத் துப்புரவுத் திரவத்தை ஊற்றினால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

“அப்படியானால் அழுக்கு எப்படிப் போகும்?” என்று பாட்டி கேட்டார். கோப்பையில் ஒட்டிய படிவை எடுப்பது பிரஷ்ஷின் உராய்வுதான். ஆனால் ஈரமான பிரஷ்ஷை அப்படியே அதன் கூட்டுக்குள் செருகினால், அடியில் தேங்கும் நீரில் கிருமிகள் பெருகும். தேய்த்ததும் ஃபிளஷ் நீரில் பிரஷ்ஷை அலசுங்கள். பிறகு கைப்பிடியை இருக்கைக்கும் விளிம்புக்கும் இடையே வைத்து, முடிப்பகுதி கோப்பைக்கு மேலே தொங்கும்படி சொட்டவிடுங்கள். நீர் வடிந்த பின் கூட்டில் வையுங்கள். கூட்டையும் வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டியைச் சோதிக்க, அதில் சில சொட்டு உணவுச் சாயம் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் நீர் கசிகிறது.

பாட்டி வீட்டில் இப்போது புது வளையம். தண்ணீருக்கு நிறமில்லை, இரவில் ஓசையும் இல்லை.