படத்தில் எல்லாம் உருண்டைதான்

ஒன்லைனில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் விற்கிற ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் கண்ணைப் பறிக்கும். மூலை எல்லாம் மழுங்கியிருக்கும், கூர் எண்டு ஒன்று இருக்காது. பார்த்த உடனே மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும்: "இது பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது." நான் சொல்ல வருவது இதுதான்: அந்த முடிவுக்கு எங்களைக் கொண்டுபோகத்தான் அந்தப் படம் செய்யப்பட்டிருக்கிறது. பாதுகாப்பைத் தீர்மானிக்கிற விஷயங்களில் முக்கியமானவை அந்தப் படத்தில் இருப்பதில்லை.

முதலில் அளவைப் பாருங்கள். அமேசனின் விதிப்படி பொருளின் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், சட்டத்தில் குறைந்தது 85 வீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும். மற்றத் தளங்களிலும் ஃபேஸ்புக் கடைகளிலும் கிட்டத்தட்ட இதே பாணிதான். விளைவு என்ன? ஒரு அடி நீளமான லொறியும் கடலை அளவான மணியும் உங்கள் போனில் ஒரே அளவாகத் தெரியும். பக்கத்தில் கை இல்லை, மேசை இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அதோடு, இப்படங்களில் பல கமராவால் எடுத்ததே இல்லை, கணினியில் வரைந்தவை. கணினியில் ஒரு விளிம்பை மழுக்க ஒரு நிமிடம் போதும். உண்மைச் சாமானில் அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் பிளாஸ்ரிக் பிசிறு நிற்கும், சில நேரம் விரலைக் கீறும். படத்தில் அந்தப் பிசிறுக்கு இடமே இல்லை.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் வாயில் வைத்துத்தான் அறியும். அதனால் விளையாட்டுச் சாமான்களைப் பரிசோதிக்கிறவர்கள் ஒரு சின்ன உருளையைப் பாவிக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அடி சரிவானது. சாமானோ அதிலிருந்து கழன்ற துண்டோ ஏதாவது ஒரு பக்கமாகத் திருப்பும்போது அந்த உருளைக்குள் முழுசாகப் போய்விட்டால், அது அந்த வயதுக்கு ஆகாது. அழகு, நிறம் எதுவும் அங்கே கணக்கில் இல்லை.

பந்துக்கு மட்டும் அமெரிக்காவில் இன்னும் கடுமையான ஒரு விதி இருக்கிறது. உருளைக்குள் போகாத பந்துகளும் பிள்ளைகளின் தொண்டையை அடைத்திருக்கின்றன. அதனால் 44.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையால் விழுகிற எந்தப் பந்தையும் மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே விற்க முடியாது. காரணம் எளிது. ஒழுங்கில்லாத வடிவம் தொண்டையில் மாட்டினால் ஓரத்தில் கொஞ்சம் காற்றுப் போக இடைவெளி இருக்கலாம். உருண்டையானது போத்தலுக்குத் தக்கை போட்டதுபோல முழுசாக மூடிவிடும். அதாவது, படம் "பாதுகாப்பு" எண்டு காட்டுகிற அதே உருண்டை வடிவம், சின்ன அளவில் வந்தால், மிக மோசமான வடிவம்.

இதற்கு ஒரு உதாரணம், தண்ணீரில் ஊறி வீங்குகிற ஜெலி மணிகள். இங்கிலீசில் வோட்டர் பீட்ஸ் எண்டு சொல்லுவார்கள். பூச்சாடியிலும் மண்ணிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கப் பாவித்த பொருள்தான் பிறகு பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாக மாறியது. வாங்கும்போது கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு பைக்கற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு அளவுக்கும் வரும், சில வகை அதைவிடப் பெரிதாகவும் வரும். விளம்பரப் படத்தில் நாங்கள் பார்ப்பது ஊறிய மணியை. கண்ணாடிக் கிண்ணம் நிறைய வானவில் நிறத்தில், இனிப்பு மாதிரி மினுங்கும். நிலத்தில் சிதறி, பாய்க்கு அடியில் போய், தவழுகிற தம்பியின் கையில் அகப்படுவது ஊறாத மணி. அது படத்தில் பெரும்பாலும் இல்லை.

விழுங்கிய மணி குடலுக்குள்ளும் தண்ணீரை உறிஞ்சி வீங்கும். வீங்கிக் குடலை அடைக்கும். பிள்ளை சத்தி எடுக்கும், சாப்பிட மறுக்கும், வயிறு ஊதும். பார்க்கிறவர்கள் சாதாரண வயிற்றுக் குழப்பம் எண்டுதான் நினைப்பார்கள். எக்ஸ்றே எடுத்தாலும் மணி தெளிவாகத் தெரியாது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டில் அந்த மணி இருக்கிறது எண்டு யாராவது டொக்டரிடம் சொன்னால்தான் அந்தப் பக்கம் யோசிப்பார். 2023இல் அமெரிக்காவில் பத்து மாதக் குழந்தை ஒன்று இந்த மணிகளை விழுங்கி இறந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் அந்தப் பெட்டிகள் சந்தையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டன. டிசெம்பரில் அமேசன், வோல்மார்ட், டார்கெற் மூன்றும் பிள்ளைகளுக்கெனச் சந்தைப்படுத்தப்பட்ட வோட்டர் பீட்ஸ் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன. பெட்டியில் இருந்த படம் கடைசிவரைக்கும் அழகாகத்தான் இருந்தது.

இரண்டாவது, பின்பக்கம். பாட்டுப் பாடுகிற, வெளிச்சம் அடிக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் வயிற்றிலோ முதுகிலோ பற்றரி இருக்கும். படம் சிரிக்கிற முகத்தைக் காட்டும், பற்றரி மூடியைக் காட்டாது. கேட்க வேண்டிய கேள்வியே அந்த மூடியைப் பற்றியதுதான். திருகாணி போட்டிருக்கா, நகத்தால் தள்ளினால் கழருமா? 20 மில்லிமீற்றர் அகலமான லித்தியம் பட்டன் பற்றரி உணவுக்குழாயில் மாட்டினால், அங்குள்ள ஈரத்தால் மின்னோட்டம் ஓடி, காரம் உருவாகித் தசையை அரிக்கத் தொடங்கும். இரண்டு மணித்தியாலத்திலேயே கடும் காயம் வரலாம். விழுங்கியிருக்கலாம் எண்டு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், சத்தி எடுக்க வைக்கக் கூடாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் ஃபிஷர்-பிரைஸ் தன் சாமான்களை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது, பூச்சில் ஈயம் கூடுதலாக இருந்ததால். அவை பிள்ளைகளுக்குத் தெரிந்த கார்ட்டூன் முகங்கள், பளிச்சென்ற நிறங்கள். ஈயக் குரோமேற் என்கிற பழைய நிறமி அப்படித்தான், அருமையான மஞ்சளும் செம்மஞ்சளும் தரும். பளிச்சென்று இருப்பதை வைத்துப் பூச்சில் என்ன இருக்கிறது எண்டு ஒருவராலும் சொல்ல முடியாது.

"தாய் தகப்பன்தான் கவனமா இருக்கோணும்" எண்டு விற்கிறவர்கள் சொல்லுவார்கள். இருக்கத்தான் வேணும். ஆனால் கவனமாக இருக்கத் தகவல் வேண்டும். அளவை மறைத்து, மூடியை மறைத்து, பெட்டியில் இருந்த மூன்று வயது எச்சரிக்கைச் சின்னத்தையும் வெட்டிவிட்டு, வெளிநாட்டு மொத்த வியாபாரியின் படத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, கவனத்தை மட்டும் அம்மாவின் தலையில் கட்டுவது நியாயமா? வாங்குகிறவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிற உரிமை கடையில் இருந்தது. ஒன்லைனில் அதைப் பறித்தாயிற்று.

பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பேஜ் நடத்துகிற தம்பி, தங்கச்சிமாரிடம் மூன்று படம்தான் கேட்கிறேன். ஒன்று, சாமானை அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். இரண்டு, அடிப்பக்கமும் பற்றரி மூடியும். மூன்று, பெட்டியின் பின்பக்கம், வயது எச்சரிக்கையும் செய்தவரின் பெயரும் வாசிக்கிற மாதிரி. போன் கமராவில் ஐந்து நிமிட வேலை. வாங்குகிறவர்களும் காசு போடுவதற்கு முன்னம் இன்பொக்ஸில் இந்த மூன்றையும் கேளுங்கள். அனுப்ப மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். சாமான் வந்த பிறகு ரொய்லெற் பேப்பர் சுற்றி வருகிற மட்டைக் குழாயை எடுத்து, அதற்குள் போகிற எதையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னப் பந்து அதற்குள் போகாமல் மட்டுமட்டாக நின்றாலும் குடுக்காதீர்கள்.