கோபத்திற்கு முன் நடுங்கும் கை



"அவர் கொஞ்சம் கோபக்காரர்தான், ஆனால் கடும் உழைப்பாளி." நம் சபையில் ஒரு மனிதரைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. கோபம் அவருடைய குறை, உழைப்பு அவருடைய நிறை, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன என்று கணக்கை மூடிவிடுகிறோம். இந்தக் கணக்கு தவறானது என்பதே இவ்வாரம் நான் சொல்ல வந்தது. நம் குப்பங்களில் பல ஆண்களிடத்தில் கோபமும் ஓயாத உழைப்பும் இரண்டு குணங்கள் அல்ல. வெளியே சொல்லப்படாத ஒரே பயத்தின் இரண்டு முகங்கள் அவை. அந்தப் பயத்தைக் காணத் தவறியவர்களில் முதலாவதாக என்னையே நிறுத்துகிறேன்.

நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் உண்டு. அவருடைய அனுமதியுடனும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். ஏரியில் பாடு உரிமை உள்ளவர். பழவேற்காட்டின் பாடு முறை உங்களுக்குத் தெரியும்: எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்பது முறை வைத்து வருகிறது. தன் முறை வரும் நாளில் இறால் கிடைக்காவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முகத்துவாரத்தை மணல் மூடும் மாதங்களில் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீனும் உள்ளே வருவது தடைப்படுகிறது. ஆகவே அவருடைய முறை வந்தும் வலை வெறுமையாய் ஏறியது. வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நின்றது. முன்பணம் வாங்கியவர் பிடித்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருப்பதால், கிடைத்த கொஞ்சமும் கடனைத் தொடவில்லை.

அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. இரவில் ஏரியில் இருந்தார். பகலில் ஒப்பந்த வேலைக்குப் போனார். மாலையில் திரும்பி வந்து வலை பொத்தினார். ஆலயத் திருவிழாவில் பந்தல் பொறுப்பையும் நாங்கள் அவரிடமே கொடுத்தோம். மூன்று பேர் செய்ய வேண்டியதைத் தனியாகச் செய்து முடித்தார். நான் மேடையில் நின்று அவரைப் பாராட்டினேன். அதே மாதத்தில், டார்ச் விளக்கை இடம் மாற்றி வைத்ததற்காகத் தன் மகனை நோக்கிச் சாப்பாட்டுத் தட்டை வீசினார் என்று கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிறு கோபத்தைக் குறித்துக் கடுமையாகப் பிரசங்கித்தேன். மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர் அதன்பின் சில வாரங்கள் ஆலயத்திற்கு வரவில்லை. உழைப்பைப் புகழ்ந்து பயத்தின் ஒரு முகத்துக்கு மாலை போட்டேன். கோபத்தைக் கண்டித்து மறு முகத்தை அறைந்தேன். பயத்தை மட்டும் பார்க்கவில்லை.

பார்த்தவர் அவருடைய மனைவி. "ஐயா, கோபம் வர்றதுக்கு முன்னாடி அவர் கை நடுங்குது," என்றார் அந்தச் சகோதரி. இறையியல் கல்லூரியில் நான் கற்ற எந்தப் பாடத்தையும்விட இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பயம் வரும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இருதயம் வேகமாய்த் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலே ஏறுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் அது. ஆனால் கடனிலிருந்து எங்கே ஓடுவது? ஓட முடியாத உடல் எதிர்த்து நிற்கிறது. மேலும், பயந்த பையனைப் பார்த்துச் சிரிக்கவும், கோபப்படும் பையனைப் பார்த்து "ஆம்பளை" என்று சொல்லவும் பழகிய ஊர் இது. ஆகவே பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்ள நம் ஆண்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். பிறகு, தாங்கள் பயந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்று எண்ணாதீர்கள், உண்மையாகவே தெரிவதில்லை.

அப்படியானால் எப்படிக் கண்டுகொள்வது? அந்தச் சகோதரியிடம், நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு மாதம் குறித்து வைக்கும்படி சொன்னேன்: எப்பொழுது கோபம் வந்தது, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, உடலில் என்ன கண்டீர்கள். ஒன்பது முறை குறித்திருந்தார். அவற்றில் ஏழு, பாடு நாளுக்கு முந்தைய மாலையிலோ வியாபாரியின் தொலைபேசி வந்த பிறகோ நேர்ந்தவை. கோபத்தைக் கிளப்பியது டார்ச், உப்பு, மகளின் கல்லூரிக் கட்டண ரசீது என்று ஒவ்வொரு முறையும் வேறாயிருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் "நாளைக்கு என்ன செய்வது" என்ற ஒரே கேள்வி இருந்தது. காரணத்தைவிடக் கோபம் பல மடங்கு பெரிதாயிருந்து, அது நாளையைத் தொடும் நேரங்களிலேயே திரும்பத் திரும்ப வருமானால், டார்ச்சை விட்டுவிட்டு நாளையைக் கவனியுங்கள். உடலையும் கவனியுங்கள். அவர் தாடையை இறுக்கிக்கொள்வார். பாடு நாளன்று காலையில் வயிறு கலங்கும். ஏரிக்குப் போக வேண்டாத நாளிலும் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துவிடுவார்.

உழைப்பைச் சோதிக்க ஞாயிறு பிற்பகல் போதும். உழைப்பாளி வேலை முடிந்தால் உட்காருவார், நிழலில் படுத்து உறங்கவும் செய்வார். பயந்தவரால் உட்கார இயலாது. வேலை இல்லாவிட்டால் வேலையை உண்டாக்குவார். நம் சகோதரர் பொத்தி முடித்த வலையைப் பிரித்து மறுபடி பொத்தினார். அதனால் ஒரு ரூபாயும் கூடப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். கை ஓடிக்கொண்டிருக்கும்வரை எண்ணம் ஓடாது என்பதே அந்த வேலையின் கூலி. சிலர் அதே கூலியை மதுவில் தேடுகிறார்கள். அது சில மணி நேரம் பதற்றத்தை அடக்கி, விடியுமுன் இரட்டிப்பாய்த் திருப்பித் தருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோபப்படும் ஒவ்வோர் ஆணையும் "பாவம், பயந்திருக்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள். நடுங்காத கையோடு, நேரம் பார்த்து, பணத்தையோ பேச்சையோ அடக்குவதற்காகவே மனைவியை அடிப்பவன் உண்டு. அது ஆளுகை, பதற்றம் அல்ல. வெளியே அடங்கி வீட்டில் மட்டும் வெடிப்பதை வைத்து இருவரையும் பிரித்தறிய முடியாது, ஏனெனில் இருவரும் அப்படியே செய்கிறார்கள். பயமே காரணமாயிருந்தாலும், வீசிய தட்டு வீசிய தட்டுதான். மகன் பட்ட காயத்துக்கு அது விடையாகாது. அடி விழும் வீட்டில் முதலில் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்திற்குப் போக வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. பொறுத்துப் போ என்று எந்த மூப்பரும் சொல்ல வேண்டாம்.

சவுல் ராஜாவின் சரித்திரத்தை இந்தக் கண்ணோடு மறுபடி வாசியுங்கள். தாவீதின்மேல் ஈட்டியை எறிந்ததைப் பொறாமை என்று மட்டுமே நாம் போதித்து வந்தோம். ஆனால் சாமுவேலின் முதலாம் புத்தகம் சவுல் தாவீதுக்குப் பயந்தான் என்பதையும் ஒருமுறைக்கு மேல் எழுதிவைத்திருக்கிறது. நாளைக்கு ராஜ்யம் யாருடையது என்ற பயம் அது. பந்தியில் கேள்வி கேட்ட சொந்த மகன் யோனத்தானை நோக்கியும் அந்த ஈட்டி திரும்பியது.

விசுவாசமிருந்தால் பயம் வராது என்று என்னிடம் சொல்லும் சகோதரருக்கு என் பதில் கெத்செமனே. நம் ஆண்டவர் அங்கே தம்முடைய ஆத்துமாவின் துயரத்தைக் கூட இருந்த மூவரிடம் வாய்திறந்து சொன்னார், தம்மோடு விழித்திருக்கும்படியும் கேட்டார். அவர் சொன்னதை நம் ஆண்கள் சொல்லக்கூடாதென்று தடுக்க நாம் யார்? இன்னொருவர், முகத்துவாரம் நிரந்தரமாகத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும், இதில் மருத்துவருக்கு என்ன வேலை என்கிறார். முகத்துவாரத்துக்கான கோரிக்கை நியாயமானது, நானும் அதில் நிற்கிறேன். ஆயினும் நம் சகோதரர் நல்ல இறால் பட்ட நாளிலும் உறங்கவில்லை. காரணம் விலகிய பின்னும் விலகாத பயம், பயம் என்ற நிலையைக் கடந்துவிட்டது.

மார்பு இறுக்கம் என்று சொல்லித்தான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. மனம் என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். இருதயப் பரிசோதனை சரியாயிருந்தது. சர்க்கரையும் தைராய்டும் பார்த்தார்கள். தைராய்டு மிகுதியாய்ச் சுரந்தாலும் நடுக்கமும் எரிச்சலும் வரும் என்பதால் அது அவசியம். அதன்பின் மருத்துவர் ஜி.ஏ.டி-7 என்ற வினாத்தாளைக் கேட்டார். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பதற்றமாக உணர்ந்தீர்களா, ஏதோ கேடு வரும் என்று பயந்தீர்களா என்ற இரண்டுக்கும் அவர் உடனே "இல்லை" என்றார், பூஜ்யம். ஓய்வாக இருக்க முடிகிறதா, ஓரிடத்தில் உட்கார முடிகிறதா, எளிதில் எரிச்சல் வருகிறதா என்ற மூன்றுக்கும் முழு மூன்று. கவலையை நிறுத்த முடியாமை 2, பலவற்றைப் பற்றிய கவலை 1. கூட்டினால் 12. பத்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவாக ஆராய வேண்டும் என்பது வழக்கம். இந்தத் தாளை வைத்து மட்டும் நோய் என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் பயம் இல்லை என்று சொன்ன மனிதரின் 12-ல் 9, எரிச்சலிலிருந்தும் ஓய்வின்மையிலிருந்தும் வந்ததைக் கவனியுங்கள்.

அவருக்கு மனநல ஆலோசனை பல மாதங்கள் நடந்தது. மருத்துவமனைக்கு வரக் கூச்சப்படுகிறவர்கள் டெலி மானஸ் என்ற அரசின் இலவசச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்; தமிழில் பேசுவார்கள், ஊர்க்காரர் யாரும் அறியார். நாங்கள் செய்ததும் ஒன்றுண்டு: இரண்டு மூப்பர்கள் அவரோடு உட்கார்ந்து, முன்பணம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதினார்கள். அந்தத் தொகை அவர் தனியாக இரவில் எண்ணியதைவிடக் குறைவாயிருந்தது. இந்த ஆண்டு பந்தல் வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை.

கடன் இன்னும் தீரவில்லை. முகத்துவாரம் இன்னும் மூடுகிறது. தட்டு மறுபடி ஒருமுறை பறந்ததென்றும் கேள்விப்பட்டேன். ஆனால் போன வாரம் பாடு நாளுக்கு முந்தைய மாலையில், அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம், "நாளைக்கு நம்ம பாடு. கை நடுங்குது, பாரு," என்று கையை நீட்டிக் காட்டினாராம். அன்று வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை.