திரையில் 48, வயலில் எத்தனை அங்குலம்?

கேள்வி: மதுராந்தகம் பக்கம் எங்கள் குடும்ப நிலம் இருக்கிறது. வாடகைக்கு வந்த புது டிராக்டரில் ஆழம், பி.டி.ஓ. சுற்று, எண்ணெய் ஓட்டம் எல்லாமே திரையில் வைக்கிறார்கள். ரோட்டவேட்டர் ஓட்டும்போது ஆழ எண்ணை ஓட்டுநர் மாற்றவே இல்லை. ஆனால் மேட்டில் நான்கு அங்குலமும் வாய்க்கால் ஓரத்தில் எட்டு அங்குலமும் இறங்கியிருக்கிறது. கட்டியும் உடையவில்லை. ஏன்?
- வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: திரையில் வரும் ஆழ எண் அங்குலமும் அல்ல, சென்டிமீட்டரும் அல்ல. பின்புறம் கருவியைத் தூக்கும் கைகள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்பதைப் பெரும்பாலும் 0 முதல் 100 வரையான எண்ணில் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த உயரமும் டிராக்டரை வைத்தே கணக்கிடப்படுகிறது. மண்ணை அது பார்ப்பதில்லை. வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் பின் சக்கரம் மூன்று அங்குலம் புதைந்தால் ரோட்டவேட்டரும் கூடவே மூன்று அங்குலம் இறங்கும். எண் மட்டும் மாறாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். இத்தகைய டிராக்டரில் 'டிராஃப்ட்', 'பொசிஷன்' என இரண்டு முறைகளுக்கு நடுவே திருப்பும் குமிழ் ஒன்று உண்டு. டிராஃப்ட் என்பது இழுவிசையைப் பார்த்து ஆழத்தை மாற்றும் முறை. கலப்பை கடின மண்ணில் சிக்கி இழுவை கூடினால் சற்றுத் தூக்கும், குறைந்தால் இறக்கும். ஃபெர்குசன் டிராக்டர் காலத்திலிருந்து கலப்பைக்கென்றே வந்த ஏற்பாடு இது. ரோட்டவேட்டர் அப்படி இழுபடும் கருவி அல்ல. அதன் கத்திகள் சுழலும் திசையில் டிராக்டரை முன்னால் தள்ளவே செய்யும். 'இழுவையே இல்லை' என்று எண்ணி டிராஃப்ட் முறை கருவியை மேலும் மேலும் இறக்கிவிடும். ஆகவே ரோட்டவேட்டருக்குக் குமிழ் முழுக்க பொசிஷன் பக்கம் இருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து எண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள பொருத்தம். சமமான இடத்தில், பி.டி.ஓ. ஓடாத நிலையில், கத்தி மண்ணைத் தொடும் வரை மெதுவாக இறக்க வேண்டும். அப்போது திரையில் 62 என்று வந்தால் இந்த வயலில் 62தான் தரைமட்டம். பிறகு 48க்கு இறக்கி இருபது அடி ஓட்டி நிறுத்த வேண்டும். பி.டி.ஓ.வையும் இன்ஜினையும் அணைத்து, சாவியை எடுத்து, கத்தி முழுதும் நின்ற பிறகே அருகில் போக வேண்டும். கிளறிய மண்ணைக் கையால் தள்ளி, உழாத அடிமண் வரை மூன்று இடங்களில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 48க்கு எத்தனை அங்குலம் என்பது தெரிந்துவிடும். ஐந்து அங்குலம் வருகிறது, நான்கு போதும் என்றால் எண்ணைச் சற்று ஏற்றி மறுபடி அளக்கலாம். பக்கத்து வயலுக்கோ வேறு ரோட்டவேட்டருக்கோ இந்த எண் பொருந்தாது. ஈரம் மாறி மாறி வரும் வயலில் திரையை மட்டும் நம்பாமல், ரோட்டவேட்டரின் இரு பக்கச் சறுக்குத் தகடுகளை நான்கு அங்குலத்துக்கு போல்ட் மாற்றிப் பூட்டி, தகடு மண்மேல் உட்காரும்படி ஓட்டுவதே நல்லது. ஆனாலும் சேறாக இருக்கும் பகுதி காயும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கட்டி உடையாததற்குப் பலரும் ஆக்சிலரேட்டரைக் கூட்டச் சொல்வார்கள். அதனால் பலன் குறைவு. ஒரே கியரில் இன்ஜின் சுற்று கூடினால் கத்தியோடு சக்கரமும் வேகமெடுக்கும். ஓர் அடி தூரத்துக்கு விழும் வெட்டுகளின் எண்ணிக்கை மாறாது. உதாரணமாக, இன்ஜின் 1,800 சுற்றில் பி.டி.ஓ. 540 வரும் டிராக்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமையில் இன்ஜின் 1,500க்கு இறங்கினால் திரையில் பி.டி.ஓ. 450 என்று காட்டும். கத்தியின் அடியும் தளர்ந்துவிடும். அப்போது கியரை ஒருபடி குறைத்தால் 540 திரும்ப நிற்கும், டிராக்டர் மெதுவாகப் போகும், வெட்டும் நெருக்கமாக விழும். டீசல் மிச்சம் என்று '540 இ' முறையில் ரோட்டவேட்டர் ஓட்டுபவர்களும் உண்டு. அது தெளிப்பான் போன்ற லேசான வேலைக்கு ஏற்றது; கட்டித் தரையில் இன்ஜின் திணறும்.

தூக்கும் உயரத்துக்கும் திரையில் ஒரு மேல் வரம்பு வைக்கலாம். வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ. ஓடியபடி கருவியை அதிகம் தூக்கினால் இணைப்புத் தண்டு 'டக் டக்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் வராத உயரத்தில் வரம்பை நிறுத்த வேண்டும்.

எண்ணெய் ஓட்டம் சாதாரண ரோட்டவேட்டருக்குத் தேவையில்லை. புரட்டுக் கலப்பை, டிப்பர் டிரெய்லர் மாட்டும்போதுதான் வேலை. அங்கே 50 சதவீதம் என்பது பொதுவாக அந்த வால்வின் அதிகபட்ச ஓட்டத்தில் பாதி. இன்ஜின் சுற்று குறைந்தால் வேகமும் குறையக்கூடும். கலப்பை புரளும்போது முடிவில் 'டமார்' என்று மோதினால் சதவீதத்தைக் குறைத்து, வேலை செய்யும் சுற்றிலேயே மறுபடி புரட்டிப் பார்க்க வேண்டும்.