'எப்ப கலியாணம்?' என்று கேட்பது வீட்டைப் பற்றித்தான்

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ பெருநாள் அன்று நாலு வீடு ஏறி இறங்கினால் மூன்று கேள்வி கட்டாயம் வரும். "எப்ப கலியாணம்?" "சம்பளம் எவ்வளவு?" "என்ன புள்ள, இப்பிடிக் கொழுத்துட்டாய்?" மெலிந்தவர்களுக்கு அதன் மறுபக்கம் வரும். இதை எல்லாரும் நாகரிகம் தெரியாத கேள்வி என்றுதான் எழுதுகிறார்கள். நாங்க அப்படி நினைக்கவில்லை. எங்கட ஊர்ல இந்த மூன்றும் தனித்தனிக் கேள்விகளே இல்லை. மூன்றுக்கும் பின்னால ஒரே ஒரு வீடு நிற்கிறது.

வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். அம்பாறைக் கரையோரத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாழ்கிறார். அந்த வீட்டைப் பெண்ணின் தாய் தகப்பன் கட்டிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் உறுதியும் மகளின் பேரில்தான் எழுதப்படுகிறது. இங்கே முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடி முறையோடு சேர்த்து இந்த வழக்கத்தையும் வைத்திருக்கிறார்கள். அக்கரைப்பற்றில் பல வருடம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நூலைப் படிக்காவிட்டாலும் எங்கட எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது.

இப்ப ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணுவோம். பத்துப் பேர்ச்சஸ் வளவு. மூன்று பெண் பிள்ளைகள், ஒரு ஆண் பிள்ளை. மூத்தவளின் கலியாணத்தோட இருக்கிற வீடு அவளுக்குப் போகும். உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோட பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போவார்கள். அதையே பெருப்பித்து இரண்டாவதுக்குக் கொடுப்பார்கள். மூன்றாவதுக்கு? பத்துப் பேர்ச்சஸை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு மூன்றேகால் சொச்சம், அதாவது சுமார் தொள்ளாயிரம் சதுர அடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல் என்று கிடக்கிற எங்கட ஊர்ல புது வளவு வாங்குவது லேசில்லை. அதனால்தான் பல வீடுகள் மேலே எழும்புகின்றன. கீழ்த்தட்டு ராத்தாவுக்கு, மேல்தட்டு தங்கச்சிக்கு.

இந்தக் கணக்கை மனதில வைத்துக்கொண்டு அந்த மூன்று கேள்வியையும் திரும்பக் கேட்டுப் பாருங்க.

மூத்த மகளிடம் "எப்ப?" என்று கேட்டால், வரிசை எப்ப நகரும் என்று கேட்பதாக அர்த்தம். அவளுக்கு முடியாமல் இரண்டாவதுக்குப் பேச மாட்டார்கள். வாப்பாவிடம் "மேல கொங்கிறீட் போட்டாச்சா?" என்று கேட்பதும் அதே கேள்விதான். கட்டாரில் நிற்கிற மகன் லீவில் வந்தால் அவனிடம் சம்பளம் கேட்பார்கள். அந்தச் சம்பளத்தில் எவ்வளவு சீமெந்தாகிறது என்பதைத்தான் உண்மையில் கேட்கிறார்கள். தங்கச்சிமாரை முடித்துவிட்டுத்தான் காக்கா முடிக்க வேண்டும் என்று இருக்கிற வீட்டில் "உனக்கு எப்ப?" என்ற கேள்விக்கு அவனிடம் பதிலே கிடையாது. கேட்பவருக்கும் அது தெரியும்.

எடைக் கேள்வி கொஞ்சம் சிக்கலானது. கலியாணம் ஆகாத பெண்ணிடம் கேட்டால் அது மதிப்பீடு. நிறமும் உடம்பும் "குறைவு" என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தால், வீட்டோட சேர்த்து இன்னும் ஏதாவது எதிர்பார்ப்பார்கள். பெருநாள் சபையில் "கொஞ்சம் குறை புள்ள" என்கிற மாமி அதைத்தான் முன்கூட்டியே சொல்கிறார். புதிதாக முடித்த ஆணிடம் கேட்டால் கதை வேற. அவன் இருப்பது பெண் வீட்டில். அவனுடைய உம்மா "மெலிஞ்சிட்டியே மகன்" என்றால் குற்றச்சாட்டு அவன் மேல் இல்லை, அவனுக்குச் சோறு போடுகிற வீட்டின் மேல். அவன் வயிறு வைத்தால் அந்த வீட்டுக்குப் பாராட்டு.

யார் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்க. உம்மாவின் சகோதரிகள் பெரும்பாலும் அதே வளவில் அல்லது பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறார்கள். சாச்சிக்குக் கல் இறக்கியதும் தெரியும், காசு முடிந்து வேலை நின்றதும் தெரியும். அவர் கேட்கத் தேவையில்லை. வாப்பாவின் சகோதரி, அதாவது மாமி, வேறொரு வளவில் தன்னுடைய சீதன வீட்டில் இருக்கிறார். அவருக்குத் தகவல் கிடைக்கிற இடம் பெருநாளும் வலீமாவும்தான். அவருடைய மகன் உங்களுக்கு மச்சான். மச்சான் மச்சி முறையில் முடிப்பது இங்கே பழைய வழக்கம். ஆகவே மாமி வெறும் பார்வையாளர் இல்லை. சில நேரம் அவரே ஒரு தரப்பு.

அப்ப அவங்கட நோக்கம் நல்லதா கெட்டதா? முதல் கேள்வியை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவதைப் பாருங்க. "இன்னும் பேசல்ல மாமி" என்று சொன்ன பிறகு அவர் ஒரு பொடியனின் பேர், ஊர், தொழில் சொன்னால், தரகு வேலையைக் கூலி இல்லாமல் செய்கிறார். உண்மையில் பல கலியாணங்கள் இப்படித்தான் பொருந்துகின்றன. "வீடு யாருக்கு எழுதின?" என்று போனால் அளக்கிறார். ஒன்றும் சொல்லாமல் தன் மகளின் கதைக்குத் தாவினால், அவருக்கு உங்கட பதில் தேவையே இல்லை, ஒப்பிட ஒரு ஆள்தான் தேவை.

இந்த வீட்டு முறையைக் கெட்டது என்று ஒரே சொல்லில் தள்ள எங்களுக்கு மனமில்லை. உறுதி பெண்ணின் பேரில் இருக்கிற இடத்தில் தலாக் ஆனால் வெளியே போவது ஆண்தான். 2004 சுனாமி கடலோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனபோது பல பெண் பிள்ளைகளின் சீதனமும் சேர்ந்தே போனது. பிறகு உதவி வீடுகள் குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பேரில் பதியப்பட்டபோது பெண்கள் எதை இழந்தார்கள் என்பது இங்கே உள்ளவர்களுக்கு விளங்கியது.

பிரச்சினை விலையை யார் சுமக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மஹர் ஆண் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. பதிவில் அது பல நேரம் ஒரு சின்னத் தொகை. எதிர்ப்பக்கமாகப் போவது ஒரு வீடு. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 'கைக்கூலி' என்று சொல்வது காசையும் அசையும் சொத்தையும் மட்டும்தான். அதைத் திருப்பிக் கேட்டு மனைவி காதியிடம் போகலாம். வீடு அதற்குள் வராது. மாப்பிள்ளையின் பேரையும் உறுதியில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் குடும்பம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

அதனால் மாமிமாரை வாயடைக்கச் சொல்லி நாங்க எழுதவில்லை. கேட்கட்டும். ஆனால் கேள்வியின் திசை மாற வேண்டும். இத்தனை பெருநாளிலும் ஒரு மாப்பிள்ளைப் பொடியனிடம் "வீட்டுக்கு நீ எவ்வளவு போடப் போறாய்?" என்று யாரும் கேட்டு நாங்க கேள்விப்பட்டதில்லை. சம்பளத்தைக் கேட்பவர்கள் அடுத்ததாக அதையும் கேட்கலாம். தங்கச்சியின் மேல்தட்டுக்காக முப்பத்தைந்து வயது வரை கட்டாரில் நிற்கிற காக்காவுக்கு அந்த ஒரு கேள்வியால் இரண்டு வருடமாவது மிச்சமாகும்.